எக்ஸ்ரே அறை வரை ஒரு டிக்கெட்

எனக்குப் பக்கவாதம் வந்தபோது பேருந்தில் நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். அத்தனை பேரும் என்னோடு மருத்துவமனைக்கு வந்தார்கள்.

மேலூர்ப் பக்கத்திலிருந்து மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்துக்கு வரும் தனியார் பேருந்தில் நான் நடத்துநர். இருபத்தாறு வருட வேலை. அன்று காலை எட்டரை மணி நடை. கத்தரிக்காய்க் கூடையோடு ஏறிய ஒரு அம்மாவுக்கு டிக்கெட் கிழிக்கப் போனேன். தாள் வரவில்லை. தாளில் கோளாறு என்று நினைத்து மறுபடி இழுத்தேன். டிக்கெட் கட்டு கையிலிருந்து நழுவிக் கூடைக்குள் விழுந்தது. 'கட்டு விழுந்துருச்சு, எடுத்துக் குடு தாயி' என்று சொன்னதாகத்தான் எனக்கு நினைப்பு. வாயிலிருந்து வந்தது வேறு ஏதோ கூழ். காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறான் பார் என்று பின்சீட்டில் ஒருவர் சொன்னது தெளிவாகக் கேட்டது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அது அவர் கட்சிக்கே வலு சேர்த்தது.

ஓட்டுநர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டார். வலது பக்க வாய் தொங்கியிருந்ததாம். அவருடைய அப்பாவுக்கு இப்படி வந்து, காலையில் சரியாகிவிடும் என்று வீட்டிலேயே படுக்க வைத்துப் பறிகொடுத்தவர் அவர். அதன்பின் எந்த நிறுத்தத்திலும் வண்டி நிற்கவில்லை. விசில் கொடுக்க ஆளில்லாத பேருந்தில் மக்கள் கம்பியைத் தட்டினார்கள், கத்தினார்கள். பிரேக் போய்விட்டது என்று ஒருவர் கிளப்பிவிட, இரண்டு பேர் சாமி கும்பிட ஆரம்பித்தார்கள்.

மருத்துவமனை வாசலில் காவலாளி பேருந்தெல்லாம் உள்ளே வரக்கூடாது என்று கையைக் குறுக்கே நீட்டினார். ஓட்டுநர், நோயாளியே இந்தப் பேருந்தின் நடத்துநர்தான் என்று விளக்கியிருக்கிறார். அதில் என்ன நியாயம் தென்பட்டதோ, காவலாளி வழிவிட்டார். அவசரப் பிரிவின் வாசலில் பேருந்து நின்று மக்கள் இறங்கினார்கள். பாதிப் பேர் மாட்டுத்தாவணிக்கு எந்த வண்டி என்று செவிலியரிடம் விசாரித்தார்கள். ஒரு பெரியவர், வந்ததுதான் வந்தோம் என்று ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு போனதாக ஓட்டுநர் பின்னாளில் சொன்னார்.

ஸ்கேன் எடுத்து, அடைப்பைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். நேரத்துக்குக் கொண்டுவந்ததால் பெரிய ஆபத்து தப்பியது. என்றாலும் மூளையின் இடது பக்கத்தில் ஒரு பகுதி செத்துப்போயிருந்தது. அதனால் வலது கை விழுந்துவிட்டது. பேச்சுக் குழறல் இரண்டு வாரத்தில் ஓரளவு தெளிந்தது. கால் கொஞ்சம் இழுத்தது. கை மட்டும் பிழியாத ஈரத்துண்டு மாதிரித் தொங்கியது.

இயன்முறைப் பயிற்சி நடக்கும் கூடம் மருத்துவமனையின் தரைத்தளத்தில் ஒரு நீண்ட நடைபாதையின் முனையில் இருந்தது. நடத்துபவர் முப்பது வயதுப் பெண். உசிலம்பட்டிப் பக்கம். குரலை உயர்த்த மாட்டார், விடவும் மாட்டார். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். முதல் நாள் என் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இதை வைத்து என்ன செய்ய ஆசை என்று கேட்டார். வழக்கமாக எல்லோரும் சோறு உண்ணவேண்டும் என்பார்களாம். நான் டிக்கெட் கிழிக்கவேண்டும் என்றேன். எழுதிக்கொண்டார்.

செத்த இடம் எப்போது உயிர் பெறும் என்று கேட்டேன். அது பெறாது என்றார். அவர் என் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, செத்தது செத்ததுதான். ஆனா அதைச் சுத்தி இருக்கிற எடம் உசுரோட இருக்குல்ல. அதுவும், தப்பிச்ச நரம்பு வழியும் சேந்து அந்த வேலையை எடுத்துப் பாக்கும். சும்மா எடுக்காது. கையத் தூக்குன்னு நீங்க உள்ளருந்து உத்தரவு போடணும். ஒருதரம் போட்டா அதுக்கு ஞாபகம் இருக்காது. நூறுதரம், எரநூறுதரம் போட்டா, இந்தாளு விடமாட்டான் போலன்னு அந்த வழிய பலப்படுத்திக்கிரும்."

பாலம் கட்டுகிறார்கள் என்று பெரிய ரோட்டை அடைத்துவிட்டால் பேருந்தைச் சந்துக்குள் விடுவோம். முதல் நாள் சந்து திணறும். திண்ணையில் காயப்போட்ட வற்றலை அள்ளுவார்கள், சண்டை வரும். நூறு நடை போனபின் சந்தே ரோடாகிவிடும். அப்படியா என்று கேட்டேன். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றார். ஆனால் வண்டி தன் எஞ்சினில் போகவேண்டும், கயிறு கட்டி இழுத்துப் போனால் கணக்கில் சேராது என்றார். அதாவது என் கையை வேறொருவர் பிடித்து ஆட்டிவிடுவது மூட்டு இறுகாமல் இருக்க உதவும். ஆனால் மூளையில் வழி போட, உத்தரவு என்னிடமிருந்து வரவேண்டும், கை அசையாவிட்டாலும் முயற்சி என்னுடையதாக இருக்கவேண்டும். முதல் சில மாதங்களில் மூளை இதற்கு ரொம்பத் தயாராக இருக்கும், பிறகும் முடியும், ஆனால் இப்போது விட்டுவிடக் கூடாது என்றும் சொன்னார்.

நாலாவது வாரம் மணிக்கட்டு தானாகக் கொஞ்சம் நிமிர்ந்தது. விரல்கள் ஒரு எலுமிச்சம்பழம் போகுமளவு விரிந்தன. அதைப் பார்த்த அன்றே அவர் என் நல்ல கையைப் பறிமுதல் செய்தார்.

அடுப்பிலிருந்து சூடான தட்டு எடுக்கும் தடித்த துணி உறை ஒன்று. அதில் சிவப்புச் சேவல் படம் வேறு. அதை என் இடது கையில் மாட்டி, மணிக்கட்டில் கட்டிவிட்டார். காரணம் இதுதான்: இடது கை எல்லா வேலையையும் முந்திக்கொண்டு செய்தது. வலது கைக்கு உத்தரவே போகவில்லை. உத்தரவு போகாத கையை மூளை மறந்தேவிடும். வரக்கூடிய அசைவும் வராமல் நின்றுவிடும். ஆகவே முழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி உறை இருக்கவேண்டும். நடக்கும்போது மட்டும் கழற்றிக்கொள்ளலாம், விழுந்தால் ஊன்ற ஒரு கை வேண்டுமே.

அந்த வாரம் என் மச்சினன் மகளுக்குக் காதுகுத்து. சேவல் உறையோடு பந்தியில் உட்கார்ந்தேன். வலது கையால் சாம்பார் சோற்றை அள்ளினால் பாதி பக்கத்து இலைக்குப் போனது. பக்கத்து இலைக்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார். எதிர்வரிசையில், இடது கையிலா வாதம் என்று ஒருவர் கேட்க, இல்லை, வலது கையில் என்று என் மனைவி சொல்ல, அப்படியானால் ஏன் இடது கைக்குக் கட்டு என்று அவர் கேட்க, அது நன்றாக இருக்கிறது, அதனால்தான் என்று அவள் பதில் சொன்னாள். அவர் பாயசத்தோடு எழுந்து வேறு வரிசைக்குப் போய்விட்டார்.

டிக்கெட் பயிற்சி தொடங்கியது. கட்டணம் மாறியபோது செல்லாமல் போன பழைய கட்டுகள் முதலாளி வீட்டுப் பரணில் மூட்டையாகக் கிடந்தன. எனக்காக அனுப்பிவைத்தார். ஆனால் மேடம் முதலில் டிக்கெட்டைத் தரவில்லை. இனிப்புப் பெட்டி அட்டையை வெட்டி, அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து வைக்கச் சொன்னார். அது வந்ததும் தபால் அட்டை. அப்புறம் நோட்டுத்தாள். கைக்கு எளிதாகிவிட்டது என்று நான் மகிழ்கிற அன்று அவர் அடுத்ததை எடுத்து நீட்டுவார். சுலபமாக வருவதையே திரும்பத் திரும்பச் செய்தால் மூளைக்குப் புதிதாக வழி போட அவசியம் இல்லையாம். ரொம்பக் கடினமாக இருந்தாலும் மனம் விட்டுப்போகும். முக்கி முக்கி வரவேண்டும், ஆனால் வரவேண்டும்.

இன்னொரு கொடுமையும் உண்டு. விரலால் முடியாதபோது நான் என்னை அறியாமல் தோளைத் தூக்கி, உடம்பைச் சாய்த்துத் தாளை இழுப்பேன். டிக்கெட் கிழிந்துவிடும். அவர் என் தோள்மேல் ஒரு விரலை வைத்து, "இது தோள் கிழிச்ச டிக்கெட்டுண்ணே, கணக்குல வராது" என்பார். அறுபதில் பதினெட்டு அப்படிக் கழியும்.

மெல்லிய டிக்கெட் கைக்கு வந்தபோது வீட்டுக்கும் பாடம் கொடுத்தார். கூடத்தில் கிழிப்பது தவிர வீட்டில் ஒரு நாளைக்கு முந்நூறு. கிழித்ததைப் பையில் போட்டு மறுநாள் கொண்டுவரவேண்டும்.

முந்நூறு என்பது சாதாரணமாக ஒரு வேலைநாளில் மூன்று நடைக்குள் முடிகிற சங்கதி. அப்போதோ ஐம்பதைத் தாண்டுவதற்குள் வியர்த்துவிடும். வேலை செய்வது கை, களைப்பது தலை. மூளை களைத்தால் தூங்கவேண்டும், கற்றதை அது தூக்கத்தில்தான் கெட்டிப்படுத்தும் என்று மேடம் சொல்லியிருந்தார். அதை மட்டும் நான் கண்ணை மூடிக்கொண்டு கடைப்பிடித்தேன். மதியம் எழுந்து பார்த்தால் பையில் டிக்கெட் நிறைய இருக்கும். காலையில் நம்மையறியாமல் வேகம் வந்துவிட்டது போல என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள் மேடம் பையை மேசையில் கொட்டி, டிக்கெட்டுகளை இரண்டு குவியலாகப் பிரித்தார். ஒரு குவியலில் எல்லாம் கோணலும் பிசிறுமாக, சிலது பாதியிலேயே அறுந்து. இன்னொன்றில் நூல் பிடித்தாற்போல் நேராக. பிறகு என் மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

"அக்கா, இது நீங்க கிழிச்சதா?"

அவள் முந்தானையைத் திருகிக்கொண்டு, மனுசன் படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை, நூற்றுச் சொச்சம்தான் என்றாள்.

"நீங்க கிழிச்சா ஒங்க மூளைதான் தேறும். அண்ணன் மூளைக்கு ஒண்ணும் சேராதுக்கா."

அவள் அழுதுவிட்டாள். எனக்கும் கோபம்தான், பெருமை போய்விட்டதே என்று. ஆனால் அன்று வீட்டுக்குப் போகும் ஆட்டோவில்தான் ஒன்று புரிந்தது. இந்த ஒன்றரை மாதத்தில் நான் தண்ணீர் என்று நினைப்பதற்கு முன்னால் அவள் டம்ளரை வாயில் வைத்திருக்கிறாள். சட்டை, சீப்பு, செருப்பு எதற்கும் என் கைக்கு உத்தரவு கிளம்பவே அவள் விடவில்லை. அன்றுமுதல் அவளுக்கும் ஒரு தண்டனை: நான் திணறும்போது அவள் தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளவேண்டும். எங்கள் வீட்டுக்கு யாராவது வந்தால், கையில் சேவலோடு ஒருவனும், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒருத்தியும் எதிரெதிரே நின்று ஒரு டம்ளரை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்ப்பார்கள்.

கூடத்தில் என்னோடு இரண்டு பேர் நெருக்கமானார்கள். ஒருவர் மாட்டுத்தாவணியில் மொத்தப் பூ வியாபாரி. ஆள் நல்ல ஆகிருதி. கை கால் ஓரளவு நன்றாக இருந்தன. பேச்சுதான் போய்விட்டது. நாம் சொல்வது பெரும்பாலும் புரியும், ஆனால் அவர் வாயில் வருவது ஒரே ஒரு சொல்: சரி. பசிக்கிறதா என்றால் சரி. வேண்டாமா என்றால் சரி. கோபம் வந்தால் மேசையில் தட்டிக்கொண்டு, "சரி, சரி, சரி." நாள் முழுக்கப் பூக்கடையின் ஏலச் சத்தத்தில் வாழ்ந்த மனிதர்.

இன்னொருவர் செல்லூரில் தறி வைத்திருக்கும் குடும்பத்து அம்மா. வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள். எங்களிடம் தமிழ், அதுவும் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அவருக்குக் கால். தினமும் நடைபாதையில் பத்து முறை போய்வரவேண்டும். மூன்றாவது முறையில் உட்கார்ந்துவிடுவார். "எங்க போறதுக்கு நடக்கச் சொல்றீங்க? போறதுக்கு ஒரு எடம் இருந்தா நடக்கலாம்" என்பார்.

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. நான் அதைப் பதில் என்று நினைத்துச் செய்யவில்லை. உட்கார்ந்த இடத்தில் டிக்கெட் கிழிப்பது கைக்குப் பழகிப்போய், நின்றுகொண்டு கிழி, நடந்துகொண்டு கிழி என்று மேடம் ஏற்றிக்கொண்டே போனார். வாங்க ஆளில்லாமல் காற்றுக்கு எப்படி டிக்கெட் கொடுப்பது? அந்த அம்மாவிடம் நீட்டினேன். எங்கே போகிறது இந்த வண்டி என்று கேட்டார். வாயில் வந்ததைச் சொன்னேன். கப்பலூர்.

அப்படித்தான் அந்த வழித்தடம் உண்டானது. கூடத்து வாசல் மாட்டுத்தாவணி. குடிதண்ணீர் இயந்திரம் செல்லூர். லிப்ட் காளவாசல். மருந்துக்கடை திருப்பரங்குன்றம். நடைபாதையின் கடைசியில் எக்ஸ்ரே அறை கப்பலூர். பயணிகள் என் பின்னால் வரிசையாக நடப்பார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான் ஊரைக் கூவி, வலது கையால் டிக்கெட் கிழித்து, உரியவர் கையில் கொடுக்கவேண்டும். இறங்கவேண்டியவர் நிறுத்தத்தின் பெயரைச் சொல்லவேண்டும். சொன்னால்தான் அங்கே போட்டிருக்கும் நாற்காலியில் உட்காரலாம். இந்தக் கடைசி விதியைப் போட்டவர் மேடம், பூ வியாபாரியை மனதில் வைத்து. பேச்சுப் பயிற்சி கொடுப்பவரிடமும் கேட்டுக்கொண்டுதான் போட்டார். தேவை வந்து நெருக்கும்போது சொல்ல முயல்வதுதான் பேச்சுக்கு வழி போடும் என்று அவரும் சொன்னாராம்.

பூ வியாபாரி செல்லூரில் "சரி" என்றார். அது செல்லூர் இல்லை. காளவாசலில் "சரி." திருப்பரங்குன்றத்தில் கெஞ்சலாக, "சரி." கப்பலூர் வரை நடந்து, திரும்பி மாட்டுத்தாவணி வரை நடந்தார். நடைக்கு நடை அவர் மட்டும் கடைசி நிறுத்தப் பயணி. செல்லூர் அம்மா அவரைப் பார்த்து, பாவம் மனிதருக்குக் கப்பலூரில் ஏதோ தொழில் போல என்றார்.

அந்த அம்மாவோ பத்து நடையும் வந்தார். உட்கார இடம் இருந்தும் நின்றே வந்தார். ஒரு நாள் நான் பாதியில் களைத்து நிறுத்த, வண்டி நேரத்துக்குப் போகவேண்டாமா, முதலாளி கேட்கமாட்டாரா என்று என்னை விரட்டினார். மற்ற நோயாளிகளும் சேர்ந்தார்கள். சிலர் வாக்கரோடு ஏறினார்கள். ஒருவர் தினமும் டிக்கெட் எடுக்காமல் ஏறி, கேட்டால், ஸ்டாஃப், டிக்கெட் தேவையில்லை என்பார்.

நாற்பது நாள் போயிருக்கும். ஒரு காலை மேடம் முகம் சரியில்லை. மூளை நரம்பு மருத்துவர் கூப்பிட்டு விசாரித்தாராம். நடந்தது இதுதான்.

செல்லூர் அம்மாவின் மருமகன் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது மரியாதைக்கு, பயிற்சி எப்படிப் போகிறது அத்தை என்று கேட்டிருக்கிறார். இன்று கப்பலூருக்குப் பத்து தடவை போய்வந்தேன் என்று அம்மா சொல்லியிருக்கிறார். மருமகன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். எப்படிப் போனீர்கள் என்று கேட்டார். பேருந்தில். உட்கார இடம் கிடைத்ததா? இல்லை, வேண்டாம் என்று நின்றே போனேன். யார் கூட வந்தார்கள்? பூக்கடைக்காரர், பாவம், அவரை இறங்கவே விடமாட்டேன் என்கிறார்கள். மருமகன் மனைவியைப் பார்க்க, மனைவி அம்மாவின் சுருக்குப்பையைத் திறந்து பார்க்க, உள்ளே கத்தை கத்தையாகப் பேருந்து டிக்கெட். எல்லாம் செல்லாத பழைய கட்டணம்.

மறுநாளே அத்தைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று மருத்துவரிடம் வந்துவிட்டார். மருத்துவர் கவனமாகச் சோதித்தார். இன்று என்ன கிழமை என்றார். சரியாகச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். மருமகனைவிட வேகமாகக் கழித்தார். நேற்று எங்கே போனீர்கள் என்றார். கப்பலூர். மருத்துவர் இன்னொரு ஸ்கேனுக்கு எழுதிவிட்டார்.

அம்மா வழக்கம்போல எதையும் விளக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன், அதற்குமேல் அவர்கள் கேட்கவில்லை என்று பின்னால் எங்களிடம் சொன்னார்.

மேடம் எல்லாவற்றையும் விளக்கியபின் மருத்துவர், நானே வந்து பார்க்கிறேன் என்று சொல்லியனுப்பினார். அன்று பதினொரு மணி நடைக்கு அவரும், மருமகனும், நிர்வாக அதிகாரி ஒருவரும் மாட்டுத்தாவணியில் வந்து நின்றார்கள். இடது கையில் சேவல் இல்லை, நடப்பதால் கழற்றியிருந்தது. வண்டி கிளம்பியதும் பழக்கதோஷம், முன்னால் நின்றவரிடம் டிக்கெட் கட்டை நீட்டி, எங்கே என்று கேட்டுவிட்டேன். அவர்தான் மருத்துவர்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டைவிரலையே பார்த்தார். விரல் நுனி தாளின் ஓரத்தைத் தேடி, ஒன்றைப் பிரித்து, பிடித்து, இழுத்தது. தோள் எழும்பவில்லை. மூன்று விநாடி ஆகியிருக்கும்.

"முதல் வாரத்துல இந்தக் கையில ஒரு பஞ்சு நிக்கல, தெரியுமா" என்று நிர்வாக அதிகாரியிடம் சொன்னார். பிறகு என்னிடம், "திருப்பரங்குன்றம் ஒண்ணு குடுங்க."

கொடுத்தேன். மருமகன் யாரும் கேட்காமலே காளவாசலுக்கு எடுத்தார். செல்லூர் வந்தது. ஊரைக் கூவினேன். கூட்டத்தில் முட்டிக்கொண்டு நின்ற பூ வியாபாரிக்கு அன்று என்னவோ அவசரம். அவர் அந்த நாற்காலியைப் பார்த்தார், மருத்துவரைப் பார்த்தார், முகம் சிவந்தது. சரி என்று தொடங்கி, உதட்டை மடித்து, நிறுத்தினார். நாங்கள் எல்லோரும் நின்றோம். எதிரே ஒரு படுக்கை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவரும் நின்றுவிட்டார்.

"செ... செ... செல்லூரு."

அந்த அம்மாதான் முதலில் பேசினார். "அப்ப எறங்குங்க தம்பி, பின்னாடி ஆளு நிக்கிறாங்கல்ல." பூ வியாபாரி நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கப்பலூர் வரை போய்த் திரும்பும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. எத்தனை நாள் கழித்து இறங்கியிருக்கிறார்.

ஸ்கேன் ரத்தானது. நிர்வாக அதிகாரி மட்டும் படுக்கை வண்டிகள் போகும் பாதையில் பேருந்து போகக்கூடாது என்று எழுத்தில் உத்தரவு போட்டார். அந்தத் தாளைப் படிக்கிற வெளியாள் என்ன நினைப்பார் என்று அவருக்குத் தோன்றவில்லை போல. மேடம் எங்களைப் பின்பக்கச் சரிவுப் பாதைக்கு மாற்றினார். ஏற்றம், இறக்கம், வெயில், குறுக்கே பூனை. நல்லதுதான் என்றார். எப்போதும் ஒரே மாதிரித் தரையில் பழகிய கால் ரோட்டில் தடுமாறும், விதவிதமாகப் பழகவேண்டும் என்றார். கப்பலூர் அதன்பின் சலவை அறைக்குப் போய்விட்டது.

பூ வியாபாரியின் கதை அதோடு முடியவில்லை. ஒரு வாரத்தில் ஐந்து நிறுத்தங்களும் அவர் வாயில் வந்துவிட்டன. அவருடைய மனைவி ஒரு நாள் மேடத்தைத் தேடி வந்தார். வீட்டில் தண்ணீர் வேண்டுமென்றால் காளவாசல் என்கிறாராம். ஃபேனைப் போடச் சொல்லித் திருப்பரங்குன்றம் என்கிறாராம். மாட்டுத்தாவணி என்றால் மட்டும் எதற்கென்று இன்னும் பிடிபடவில்லை, எல்லாவற்றையும் நீட்டிப் பார்த்தாகிவிட்டது என்றார்.

மேடம் சிரிக்கவில்லை. குற்றம் எங்களுடையது என்றார். எதைப் பழக்கினோமோ அதுதான் வரும். ஊர்ப் பெயர்களைப் பழக்கினோம், ஊர்ப் பெயர்கள் வந்திருக்கின்றன. தண்ணீரும் சோறும் வரவேண்டுமானால் தண்ணீரையும் சோற்றையும் பழக்கவேண்டும். பேச்சுப் பயிற்சியாளர் வீட்டுச் சொற்களுக்கு ஒரு பட்டியல் போட்டார். கூடவே பூச் சொற்கள்: மல்லி, பிச்சி, அரளி, செவ்வந்தி. அவை முந்திக்கொண்டு வந்தன. இப்போது அவர் சின்னச் சின்ன வாக்கியம் பேசுகிறார். அவசரத்தில் சொல் சிக்கினால் ஒரு ஊரைச் சொல்லிச் சமாளிக்கிறார். கடையில் இருப்பவர்கள் அதற்குப் பழகிவிட்டார்கள்.

அதே பாடம் எனக்கும் வந்தது. ஏழாம் மாதம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, கூட்டம் குறைவான மதிய நடைக்கு வரச் சொன்னார். டிக்கெட் கிழிக்கிறேன், கூவுகிறேன், படியில் கம்பியைப் பிடித்து நிற்கிறேன். கிளம்பப் பத்து நாள் இருக்கையில் சட்டையை எடுத்து மாட்டினால் பொத்தான் போட வரவில்லை. அத்தனை ஆயிரம் டிக்கெட் கிழித்த விரல், ஒரு பொத்தானை ஓட்டைக்குள் தள்ளத் தெரியாமல் நின்றது. மேடத்துக்கு ஃபோன் செய்து முறையிட்டேன்.

"டிக்கெட்டு கேட்டீங்க, டிக்கெட்டு வந்துச்சு. பொத்தான் வேணும்னு எப்பண்ணே சொன்னீங்க?" என்றார். பெரிய பொத்தான் வைத்த பழைய சட்டையை மேசையில் விரித்து ஆரம்பிக்கச் சொன்னார். காலையில் ஐம்பது, மாலையில் ஐம்பது, அப்புறம் உடம்பில் போட்டுக்கொண்டு.

கீழ்ப் பொத்தான்கள் மட்டும் கைவந்திருந்ததால், முதல் நாள் பேருந்துக்குப் போனபோது மேல் இரண்டு பொத்தான் திறந்திருந்தது. மனைவி வாசல்வரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டே வந்தாள். போட்டுவிடவா என்று கேட்கவில்லை, கேட்கவேண்டும் என்று அவளுக்கு இருந்தது முகத்தில் தெரிந்தது.

வாரேன் என்று சொல்லிவிட்டு நடந்தேன். வண்டியில் ஏறியதும் ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, என்ன மாப்ள, நெஞ்சைத் திறந்துபோட்டு ரவுடி மாதிரி வந்திருக்கே என்றார். நடு நடையில், ஆளில்லாத சீட்டில் உட்கார்ந்து, வண்டி குலுங்கக் குலுங்க இரண்டாவது பொத்தானை முயன்றுகொண்டிருந்தேன். எதிர்சீட்டில் ஒரு அம்மா அதையே பார்த்துக்கொண்டு வந்தார். உதவிக்கு அவர் கை நீண்டது. வேண்டாந்தாயி, இது பதினேழாவது தடவைதான் என்றேன். அவர் கையை இழுத்துக்கொண்டு, இறங்கும்வரை வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தார்.